தீவைச் சுற்றி வரும் அலையும் ஓராண்டு பிந்தி வந்த வெளிச்சமும்

மண்டபத்திலிருந்து தெற்கே வள்ளத்தில் போனால் மன்னார் வளைகுடாவின் தீவுகள் வரிசையாக வரும். எங்கள் பக்கம் இதை ஆண் கடல் என்பார்கள். வடக்கே பாக் நீரிணைப் பக்கம் அலை அடங்கிக் கிடப்பதால் அது பெண் கடல். ஆண் கடலில் காற்று கூடினால் வள்ளத்தைத் தீவின் மறைவுப் பக்கம் கொண்டுபோய் நிறுத்துவது வழக்கம். சின்ன வயதில் என் தாய்மாமாவோடு ஒருமுறை அப்படி ஒதுங்கியபோது எனக்கு ஒன்று புரியவில்லை. காற்றும் அலையும் தெற்கிலிருந்து வருகின்றன, நடுவில் தீவு மறிக்கிறது. மறைவில் தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடக்க வேண்டாமா? கிடக்கவில்லை. இடப்பக்கமிருந்து ஒரு அலை, வலப்பக்கமிருந்து ஒரு அலை, இரண்டும் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக்கொண்டு வள்ளத்தை ஆட்டின.

"அலை தீவைச் சுத்தி வந்துரும் மருமவனே. மேட்டைக் கண்டா அது பக்கம் சாயும்" என்றார் மாமா.

மாமா சொன்னதுதான் காரணம். ஆழம் குறையக் குறைய அலையின் வேகம் குறைகிறது. தீவை ஒட்டிய ஆழமற்ற நீரில் ஓடும் பகுதி மெதுவாகவும், வெளியே ஆழத்தில் ஓடும் பகுதி வேகமாகவும் போவதால் அலையின் முகப்பு தீவை நோக்கித் திரும்புகிறது. இடமும் வலமுமாகத் திரும்பிய இரண்டு கிளைகளும் தீவுக்குப் பின்னால் ஒன்றையொன்று வெட்டுகின்றன. மறைவில் நிற்கும் வள்ளத்துக்கு ஒரே அலை இரண்டு திசையிலிருந்து வருகிறது.

இப்போது பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். ஈர்ப்பு ஒளியை வளைப்பதைச் சொல்லித்தர எனக்கு இதைவிட நல்ல வழி கிடைத்ததில்லை. இது வெறும் உவமையும் இல்லை. ஐன்ஸ்டீனின் பொதுச் சார்பியலில், எடையுள்ள ஒரு பொருளுக்கு அருகில் செல்லும் ஒளி, தூரத்தில் இருப்பவரின் கடிகாரப்படி, கொஞ்சம் தாமதமாகத்தான் வந்து சேரும். அந்த இடத்திலேயே நின்று அளப்பவருக்கு ஒளியின் வேகம் எப்போதும்போல்தான் இருக்கும். நேரமும் வெளியும் அங்கே நீண்டு கிடப்பதால் நமக்கு அது தாமதமாகத் தெரிகிறது. 1960-களிலேயே இதை அளந்துவிட்டார்கள். வெள்ளிக் கோளுக்கும் புதன் கோளுக்கும் ரேடார் அலை அனுப்பி எதிரொலி திரும்ப வரும் நேரத்தைக் கணக்கிட்டார்கள். பாதை சூரியனை உரசிப் போகும் நாள்களில் எதிரொலி சுமார் 0.0002 வினாடி பிந்தி வந்தது. ஆழமற்ற நீரில் அலை பிந்துவதுபோல சூரியனருகே ஒளி பிந்துகிறது. பிந்துகிற பக்கம் சாய்கிறது.

எவ்வளவு சாய்கிறது? சூரியனின் விளிம்பை உரசி வரும் நட்சத்திர ஒளி 1.75 விகலை சாயும். ஒரு பாகையை 3600 கூறு போட்டால் ஒரு கூறுதான் விகலை. ஒரு ரூபாய் நாணயத்தை நாலரைக் கிலோமீட்டர் தள்ளி வைத்துப் பார்த்தால் எவ்வளவு சிறிதாகத் தெரியுமோ அவ்வளவு. 1919 மே 29-இல் முழுச் சூரிய கிரகணத்தின்போது ஆப்பிரிக்கக் கரையோரப் பிரின்சிப்பே தீவிலும் பிரேசிலின் சோப்ரால் ஊரிலும் இந்தச் சாய்வைப் படமெடுத்து அளந்தார்கள். 2010 ஜனவரி 15, தை அமாவாசையன்று தனுஷ்கோடியில் கங்கண கிரகணம் பார்த்தவர்களுக்கு, இங்கேயும் அதை அளந்திருக்கலாமே என்று தோன்றும். முடியாது. கங்கண கிரகணத்தில் சூரியனின் ஒரு வளையம் மிச்சம் நிற்கிறது. அந்த வளையம் ஒன்றே வானத்தை வெளுக்க வைத்துவிடும், சூரியனருகே நட்சத்திரம் எதுவும் கண்ணில் படாது. முழு மறைப்பு வேண்டும்.

ஒளி சாய்கிறது என்றால் லென்ஸ் என்று சொல்லிவிடலாமா? இங்கேதான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். பூதக்கண்ணாடியில் நடுவில் போகும் கதிர் சாய்வதே இல்லை. விளிம்புக்குப் போகப் போகத்தான் அதிகம் சாயும். அதனால்தான் எல்லாக் கதிரும் ஒரே புள்ளியில் கூடுகின்றன, படம் ஒழுங்காக விழுகிறது. ஈர்ப்பு இதற்கு நேர்மாறு. எடைக்கு நெருக்கமாகப் போகும் கதிர் அதிகம் சாயும், விலகிப் போவது குறைவாகச் சாயும். சூரியனை உரசும் கதிர்கள் பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைப்போல 550 மடங்கு தள்ளிப்போய்க் கூடும். இன்னும் விலகி வரும் கதிர்கள் அதற்கும் அப்பால் கூடும். ஒரே குவியப் புள்ளி என்று ஒன்று கிடையாது. கோடு முழுக்கக் குவியம்தான்.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி இருக்கிறது. கூல்டிரிங்க்ஸ் கடையில் ஃபலூடா தரும் தண்டு வைத்த கண்ணாடிக் கோப்பை தெரியும்தானே. அதில் தண்டு உடைந்துபோன ஒன்றின் பாதத்தை எடுத்து வைத்திருக்கிறேன். உடைந்த முனையை உப்புத்தாளில் தேய்த்து மழுக்கியாயிற்று. அந்தப் பாதம் தண்டின் அருகே சரேலென்று சரிந்து, விளிம்புக்குப் போகப் போகத் தட்டையாகிறது. அதாவது நடுவை ஒட்டி அதிகம் வளைக்கும், வெளியே குறைவாக வளைக்கும். ஈர்ப்பும் அப்படித்தான். வெள்ளைத் தாளில் பேனாவால் ஒரு புள்ளி வைத்து, அதன்மேல் பாதத்தைப் பிடித்துத் தண்டின் வழியே நேராகப் பார்த்தால் புள்ளி காணாமல் போகும், அதன் இடத்தில் ஒரு வளையம் தெரியும். பாதத்தை ஒரு மயிரிழை நகர்த்தினால் வளையம் அறுந்து எதிரெதிரே இரண்டு விற்களாகும். இன்னும் நகர்த்தினால் ஒரு வில் சுருங்கி மறையும், மற்றது நீண்டு பிறகு புள்ளியாகும். பாதத்தைச் சாய்த்துப் பிடித்தால் வட்டச் சமச்சீர் குலைந்து, சில கோணங்களில் நாலு புள்ளிகள் தெரியும். தொலைநோக்கிப் படங்களில் காணும் வளையம், வில், நாலு புள்ளிச் சிலுவை எல்லாமே இந்தக் கண்ணாடித் துண்டுக்குள் இருக்கின்றன.

பெரிதாகத் தெரிவது பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மாவை இழுத்தால் மெலியும். ஒரு கேலக்ஸியின் உருவத்தை ஈர்ப்பு இழுத்து வில்லாக்கும்போது அது மெலிவதில்லை. வில்லின் ஒவ்வொரு சிறு துண்டும் பழைய உருவத்தின் அதே பிரகாசத்தோடுதான் இருக்கும். பரப்பு பத்து மடங்கானால் மொத்த ஒளியும் பத்து மடங்கு. எங்கிருந்து வந்தது இந்தக் கூடுதல் ஒளி? நம்மைத் தாண்டி வேறெங்கோ போக வேண்டிய கதிர்கள் நம் பக்கம் திருப்பிவிடப்படுகின்றன. கண்ணாடி லென்ஸ் நிறங்களைப் பிரித்துவிடும், ஈர்ப்பு எல்லா நிறத்தையும் ஒரே அளவு வளைக்கும். வானத்தில் பக்கத்தில் பக்கத்தில் தெரியும் இரண்டு புள்ளிகள் ஒரே பொருளின் பிம்பங்களா, இல்லை இரட்டைப் பிறவிபோல் இருக்கும் வேறு வேறு பொருள்களா என்று சந்தேகம் வந்தால் இதுதான் கை கொடுக்கும். இரண்டின் நிறமாலையும் ஒத்துப்போக வேண்டும், பிரபஞ்ச விரிவால் நிறம் சிவப்புப் பக்கம் நகர்ந்த அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். குவாசார் என்பது வெகு தொலைவில் மிகப் பிரகாசமாக எரியும் ஒரு கேலக்ஸி மையம். 1979-இல் முதல் இரட்டைக் குவாசார் பிம்பத்தை உறுதிசெய்தது இப்படித்தான்.

இனி நான் சொல்ல வந்த கதைக்கு வருகிறேன்.

சிம்ம ராசிப் பக்கம் மாக்ஸ் ஜே1149 என்று ஒரு கேலக்ஸிக் கொத்து இருக்கிறது. அதன் ஒளி நம்மை வந்தடைய சுமார் 500 கோடி ஆண்டு ஆகிறது. கொத்தின் எடை ஆயிரம் லட்சம் கோடிச் சூரியன்கள் என்ற கணக்கில் வரும். அதில் பெரும்பங்கு கண்ணுக்குத் தெரியாத கரும்பொருள். இந்தக் கொத்துக்கு வெகு பின்னால், ஒளி வர 930 கோடி ஆண்டு ஆகும் தொலைவில், ஒரு சுருள் கேலக்ஸி இருக்கிறது. தீவுக்கு முன்னால் கிளம்பிய அலை மாதிரி அதன் ஒளி கொத்தைச் சுற்றி வருவதால், அந்தச் சுருள் கேலக்ஸி நமக்கு மூன்று இடங்களில் தெரிகிறது. சுருளின் கைகளில் பளிச்சென்று இருக்கும் முடிச்சுகளை ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, மூன்றும் ஒரே கேலக்ஸிதான் என்று பார்த்துவிடலாம்.

2014 நவம்பரில் ஹபிள் தொலைநோக்கி எடுத்த படங்களைப் பார்த்துக்கொண்டிருந்த வானியலாளர் பேட்ரிக் கெல்லி, அந்த மூன்று உருவங்களில் ஒன்றின் சுருள் கையில், முன்பு இல்லாத நாலு ஒளிப்புள்ளிகளைக் கண்டார். அந்த இடத்தில் கொத்தைச் சேர்ந்த ஒரு நீள்வட்ட கேலக்ஸி சுருள் கையின் முன்னால் வந்து நிற்கிறது. அதைச் சுற்றிச் சிலுவைபோல் நாலு புள்ளிகள். சுருள் கேலக்ஸியில் ஒரு நட்சத்திரம் வெடித்திருக்கிறது. கொத்து ஒரு பெரிய லென்ஸாகவும், முன்னால் நின்ற கேலக்ஸி அதற்குள் ஒரு சிறிய லென்ஸாகவும் சேர்ந்து அந்த ஒரே வெடிப்பை நாலாக்கிக் காட்டின. ஈர்ப்பு லென்ஸால் தனித்தனிப் பிம்பங்களாகப் பிரிந்து தெரிந்த முதல் சூப்பர்நோவா அதுதான். பிம்பங்கள் பத்து முதல் இருபது மடங்கு வரை பெருக்கப்பட்டிருந்தன. லென்ஸ் இல்லாமல் அவ்வளவு தொலைவில் அதை இப்படி நாள்தோறும் தொடர்ந்து பார்த்திருக்க முடியாது.

அதற்கு ரெஃப்ஸ்டால் என்று பெயர் வைத்தார்கள். ஷூர் ரெஃப்ஸ்டால் நார்வே நாட்டு வானியலாளர். 1964-இல், ஒரு ஈர்ப்பு லென்ஸைக்கூட யாரும் பார்த்திராத காலத்தில், அவர் ஒன்று எழுதினார்: லென்ஸுக்குப் பின்னால் ஒரு சூப்பர்நோவா வெடித்தால் அதன் பிம்பங்கள் ஒரே நேரத்தில் வராது, அந்த நேர இடைவெளியை அளந்தால் பிரபஞ்சம் விரியும் வேகத்தைக் கணக்கிடலாம். அவர் 2009-இல் காலமானார். அவர் சொன்ன சூப்பர்நோவா கண்ணில் பட்டது அதற்கு ஐந்து ஆண்டு கழித்து. இந்தக் கதையில் எனக்கு மனது கனக்கும் இடம் இதுதான்.

பிம்பங்கள் ஏன் ஒரே நேரத்தில் வருவதில்லை? இரண்டு காரணம். ஒன்று, வளைந்து வரும் பாதை நேர்ப்பாதையைவிட நீளம். இரண்டு, எடைக்கு அருகே போகும் ஒளி பிந்துகிறது. இரண்டாவதை மேலே பார்த்தோம். முதலாவதை ஒரு முக்கோணக் கணக்கில் போட்டுப் பார்க்கலாம். ஒரு பாதை நேர்க்கோட்டிலிருந்து பத்து விகலை சாய்ந்து போகிறது என்று வையுங்கள். பத்து விகலை என்றால் இருபதாயிரம் அடி போனால் ஒரு அடி விலகல். சிறு சாய்வில் கூடும் தூரம், சாய்வின் வர்க்கத்தில் பாதி. இருபதாயிரத்தின் வர்க்கம் 40 கோடி, ஆக 80 கோடியில் ஒரு பங்கு கூடும். ஏதோ சில்லறை மாதிரித் தெரியும். ஆனால் பயணமே 930 கோடி ஆண்டு. அதில் 80 கோடியில் ஒரு பங்கு கிட்டத்தட்ட 12 ஆண்டு! சாய்வு பத்து விகலைக்குப் பதில் ஒரு விகலை என்றால் வர்க்கம் நூறில் ஒன்றாகக் குறைந்து, ஒன்றரை மாதம்போல் வரும்.

இது அளவு பிடிபடுவதற்கான கைக்கணக்கு, அவ்வளவுதான். உண்மைக் கணக்கில் தூரங்களையும் பிந்தலையும் சேர்க்க வேண்டும். ஆனாலும் நடந்ததை இதை வைத்தே புரிந்துகொள்ளலாம். சிலுவையின் நாலு புள்ளிகள் ஒன்றுக்கொன்று ஓரிரு விகலைக்குள் இருந்தன, அவை சில நாள் முதல் மூன்று வாரம் வரை முன்பின்னாக வந்தன. கொத்தின் மற்ற இரண்டு இடங்களில் இருக்கும் சுருள் கேலக்ஸியின் உருவங்களோ பல விகலை தள்ளி இருக்கின்றன. அங்கேயும் அந்த நட்சத்திரம் இருக்கிறது. அங்கேயும் அது வெடித்தாக வேண்டும். ஆனால் எப்போது?

இந்தக் கேள்விக்குப் பல குழுக்கள் தனித்தனியாகக் கணக்குப் போட்டன. வேலை இப்படி நடக்கும். கொத்தில் எடை எங்கெங்கே எவ்வளவு கிடக்கிறது என்று ஒரு வரைபடம் வேண்டும். கண்ணுக்குத் தெரியும் கேலக்ஸிகளை வைத்து மட்டும் அதைப் போட முடியாது, கரும்பொருள்தானே பெரும்பங்கு. அதனால் பின்னணியில் இருக்கும் கேலக்ஸிகளின் பிம்பங்களைப் பிடித்துக்கொள்வார்கள். ஒரே கேலக்ஸி இன்ன இன்ன இடத்தில் தெரிகிறது, சுருளின் இன்ன முடிச்சு இங்கே இடம்வலம் மாறி விழுந்திருக்கிறது, அப்படியானால் எடை எப்படிப் பரவியிருக்க வேண்டும் என்று பின்னோக்கிக் கணிப்பார்கள். கரையில் அலை வந்து விழும் கோணங்களை வைத்து, தண்ணீருக்குள் மணல் திட்டு எங்கே கிடக்கிறது என்று எங்கள் ஊரில் சொல்வதும் இந்த வகைதான். வரைபடம் சரியாக அமைந்துவிட்டால் ஒவ்வொரு பிம்பத்துக்கும் தாமதம் எவ்வளவு என்பது தானாக வந்துவிடும்.

குழுக்களின் விடைகள் அச்சொட்டாக ஒத்துப்போகவில்லை. ஆனால் பெரும்பாலும் ஒரே பக்கம் காட்டின: அடுத்த பிம்பம் முதல் சிலுவைக்குச் சுமார் ஓராண்டு கழித்து, கொத்தின் மையத்துக்கு அருகே இருக்கும் உருவத்தில் வரும், சிலுவைப் புள்ளிகளைவிட மங்கலாக இருக்கும். முக்கியமான விஷயம், இதையெல்லாம் வெடிப்பு திரும்பத் தெரிவதற்கு முன்பே எழுதி வெளியிட்டுவிட்டார்கள். பிறகு திருத்த வழியில்லை. 2015 அக்டோபர் இறுதியிலிருந்து ஹபிள் அந்த இடத்தை அவ்வப்போது திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தது. நவம்பரில் ஒன்றும் இல்லை. டிசம்பர் 11-ஆம் தேதி எடுத்த படத்தில், சொன்ன இடத்தில், ஒரு புதிய புள்ளி இருந்தது.

ஒரு நட்சத்திரம் வெடிப்பதை முன்கூட்டியே இடமும் காலமும் சொல்லிக் காத்திருந்து பார்த்தது அதற்கு முன் நடந்ததில்லை.

அப்புறம் பொறுமையான வேலை. புதிய புள்ளியின் ஒளி ஏறி இறங்குவதை முழுதாகப் பின்தொடர்ந்து, சிலுவைப் புள்ளிகளின் ஏற்ற இறக்கத்தோடு ஒட்டிவைத்து ஒப்பிட்டார்கள். 2023-இல் வெளியான அளவீடு: முதல் புள்ளிக்கும் இதற்கும் இடைவெளி 376 நாள், பிழை ஐந்தாறு நாள். 930 கோடி ஆண்டு ஓடி வந்த இரண்டு ஒளிக்கீற்றுகளின் இடைவெளியை ஒரு வார நுணுக்கத்துக்குள் சொல்ல முடிந்திருக்கிறது.

தாமதம் கிடைத்துவிட்டால் ரெஃப்ஸ்டாலின் யோசனையைப் பயன்படுத்தலாம். பிம்பங்களின் கோணங்கள் விகிதங்களை மட்டும்தான் சொல்லும். தாமதம் நாள்கணக்கில் இருப்பதால், அது உண்மையான தூரத்தைப் பிடித்துக் கொடுக்கிறது. தூரமும், நிறம் சிவப்புப் பக்கம் நகர்ந்த அளவான செம்பெயர்ச்சியும் தெரிந்தால் விரியும் வேகம் வந்துவிடும். குழுக்கள் போட்ட எடை வரைபடங்களில் எட்டு மாதிரிகளைச் சேர்த்துப் பார்த்தபோது 64.8 வந்தது. அதாவது 32.6 லட்சம் ஒளியாண்டு தள்ளிப் போகப் போக விரிவின் வேகம் நொடிக்கு 64.8 கிலோமீட்டர் கூடுகிறது. கண்டதோடு நன்றாக ஒத்துப்போன இரண்டு மாதிரிகளை மட்டும் எடுத்தால் 66.6. இரண்டிலும் பிழை சுமார் நான்கு. பிரபஞ்சத்தின் ஆதி ஒளியை அளந்தவர்கள் 67-ஐ ஒட்டிய எண்ணைச் சொல்கிறார்கள், அருகில் உள்ள சூப்பர்நோவாக்களை அளந்தவர்கள் 73 என்கிறார்கள். ரெஃப்ஸ்டால் 67-இன் பக்கம் சாய்கிறது. ஆனால் நான்கு என்ற பிழையை வைத்துக்கொண்டு 73-ஐ முற்றாகத் தள்ளிவிட முடியாது. என்னைக் கேட்டால் இந்த ஒரு வெடிப்பை வைத்து அந்தச் சண்டையைத் தீர்த்ததாகச் சொல்வது அவசரம்.

காரணம், பிழையில் பெரும்பகுதி கடிகாரத்தில் இல்லை, எடை வரைபடத்தில் இருக்கிறது. ஈர்ப்பு லென்ஸில் ஒரு பொல்லாத குழப்பம் உண்டு. கொத்தின் மேல் ஒரே சீரான மெல்லிய எடைப் போர்வை ஒன்றைப் போர்த்தி, மற்ற எடைகளை அதற்கேற்பக் குறைத்துவிட்டால், பிம்பங்கள் இருக்கும் இடம் மாறவே மாறாது. படத்தைப் பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. தாமதம் மட்டும் மாறிவிடும். எனவே பிம்பங்களின் இடம் பிசிறில்லாமல் பொருந்துகிறது என்பதை மட்டும் வைத்து மாதிரி சரி என்று நம்பக் கூடாது. இதை அவிழ்க்க, வெவ்வேறு தொலைவில் இருக்கும் பின்னணிக் கேலக்ஸிகள் பலவற்றைக் கட்டிப் பார்ப்பார்கள். ஒரு தொலைவுக்குப் பொருந்தும் போர்வை இன்னொரு தொலைவுக்குப் பொருந்தாமல் போகும், அங்கே குட்டு வெளிப்படும். மாக்ஸ் ஜே1149-இல் அப்படிப் பல பிம்பங்கள் இருப்பதால்தான் இந்த அளவுக்காவது நெருங்க முடிந்தது.

இன்னொரு தொல்லை கொத்துக்குள் தனியாகத் திரியும் நட்சத்திரங்கள். ஒளிப்பாதைக்குக் குறுக்கே ஒரு நட்சத்திரம் வந்தால் அதுவும் ஒரு குட்டி லென்ஸ். சூப்பர்நோவா மங்காமலேயே ஒரு பிம்பம் மட்டும் ஏறி இறங்கும். ஒரு புள்ளி தன்னந்தனியாக ஆடினால் குட்டி லென்ஸைச் சந்தேகிக்க வேண்டும், எல்லாப் புள்ளிகளும் அவரவர் தாமதத்தோடு ஒரே ஆட்டம் ஆடினால் அது வெடிப்பின் சொந்த மாற்றம். தீவின் மறைவில் நின்ற எங்கள் வள்ளத்திலும் இப்படித்தான். இரண்டு பக்கமும் முன்பின்னாக ஒரே மாதிரி வந்தால் அது வெளிக்கடலின் அலை. ஒரு பக்கம் மட்டும் திடீரென்று எழும்பினால், "எவனோ லாஞ்சுல போறான்" என்பார் மாமா.

சுருள் கேலக்ஸியின் மூன்று உருவங்களில் இரண்டைச் சொல்லியாயிற்று. மூன்றாவது கொத்தின் ஓரமாக, மற்ற இரண்டையும்விடத் தள்ளி இருக்கிறது. அந்தப் பாதையில் வந்த ஒளிதான் எல்லாவற்றுக்கும் முன்னால் வந்து சேர்ந்தது என்று மாதிரிகள் சொல்கின்றன. 1990-களில் ஒரு சில மாதங்கள் அந்தச் சுருள் கையில் ஒரு புள்ளி ஏறி இறங்கியிருக்கும். அப்போது ஹபிள் மேலே சுற்றிக்கொண்டுதான் இருந்தது. அந்தப் பக்கம் அதைத் திருப்ப யாருக்கும் காரணம் இருக்கவில்லை.